அசோக் நகரை கேமாக மாற்ற முதலில் வேண்டியது சாம்பல் நிறப் பெட்டிகள்... கிரேபாக்ஸிங் என்றால் என்ன?

அசோக் நகரை வைத்து ஒரு முப்பரிமாண வீடியோ கேம் பண்ணணும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் எதை உருவாக்குவீர்கள்? அசோக் தூணின் உச்சியில் இருக்கும் சிங்கங்களையா, மெட்ரோ ஸ்டேஷனின் கண்ணாடிகளையா, இல்லை டீக்கடை பாய்லரையா?

மூன்றுமே இல்லை. அனுபவமுள்ள கேம் டிசைனர்கள் முதலில் வைப்பது வெறும் பெட்டிகளைத்தான். வீடும் பெட்டி, தூணும் பெட்டி, மெட்ரோ பாலமும் நீளமான ஒரு பெட்டி. எல்லாமே சாம்பல் நிறத்தில் இருக்கும். பார்க்க சிமென்ட் கிடங்கு மாதிரி இருந்தாலும், அதற்குள்ளே ஓடலாம், குதிக்கலாம், விழலாம். இந்த வேலைக்குத்தான் கிரேபாக்ஸிங் என்று பெயர். பிளாக்அவுட் என்றும் சொல்வார்கள்.

வீடு கட்டுகிறவர்களுக்கு இது புதுசு இல்லை. வானம் தோண்டும் முன் மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, "இது ஹால், இது சமையல்கட்டு" என்று நடந்து பார்ப்போமே, அதேதான். கோட்டை அழித்துத் திரும்பப் போட ஐந்து நிமிஷம் போதும். சுவர் எழுப்பிய பிறகு வாசலை இரண்டடி தள்ளி வைக்கச் சொன்னால் மேஸ்திரி என்ன சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும். கேமிலும் இதே கதைதான். ஒரு கட்டடத்துக்கு ஜன்னல், சன்ஷேடு, பெயின்ட் உதிர்ந்த சுவர் எல்லாம் செய்து முடிக்க ஓர் ஆர்ட்டிஸ்டுக்குப் பல நாட்கள் ஆகும். அதற்குப் பிறகு "இந்த இடைவெளியைத் தாண்ட முடியலையே" என்று தெரியவந்தால், அந்த உழைப்பு அப்படியே குப்பைக்குப் போகும்.

பெரிய நிறுவனங்களும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. ஹாஃப்-லைஃப் கேமை உருவாக்கிய வால்வ் நிறுவனத்தின் சோதனை லெவல்களில் வரும் ஆரஞ்சு, சாம்பல் கட்டச் சுவர்கள் கேம் ரசிகர்களிடம் ரொம்பப் பிரபலம். 2017 அக்டோபரில், நாட்டி டாக் நிறுவனத்தின் டிசைனர் மைக்கேல் பார்க்லே 'பிளாக்டோபர்' என்ற ஹேஷ்டேக்கைத் தொடங்கினார். அதன் பிறகு ஒவ்வொரு அக்டோபரிலும் பல நாட்டு டிசைனர்கள் தங்கள் கேம்களின் பெட்டி வடிவத்தையும் முடிந்த வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பதிவிடுகிறார்கள். பிரம்மாண்டமான கோட்டைகள்கூட நாலு சாம்பல் பெட்டிகளாகத்தான் பிறந்திருக்கின்றன என்பது அதில் தெரியும்.

அசோக் நகரையே எடுத்துக்கொள்வோம்

கிரேபாக்ஸில் முக்கியமாக மூன்று விஷயங்களைச் சோதிப்பார்கள்: அளவு, பார்வைக்கோடு, குதிக்கும் தூரம். மூன்றையும் ஒரே உதாரணத்தில் பார்த்துவிடலாம்.

அசோக் நகர் இதற்கு நல்ல களம். அவென்யூக்களுக்கும் தெருக்களுக்கும் எண் போட்டு, கட்டம் கட்டமாகப் பிரித்த பகுதி. ஓரத்தில் நூறடி ரோடு. அதன் மேலே, 2015 ஜூன் 29-ம் தேதி கோயம்பேடு - ஆலந்தூர் இடையே சேவை தொடங்கிய சென்னையின் முதல் மெட்ரோ பாதை. சந்திப்பில் அசோக் தூண். நம் கேமில் பிளேயர் ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கி, மொட்டைமாடி மொட்டைமாடியாகத் தாவித் தூணுக்குப் போய்ச் சேரணும். இதுதான் கதை.

மென்பொருளுக்கு கோடோ எஞ்சினை எடுத்துக்கொள்வோம். இலவசம், சாதாரண லேப்டாப்பிலும் ஓடும். அதில் `CSGBox3D` என்ற ஒரு பொருள் இருக்கிறது. அதுதான் நம் பெட்டி. ஓர் அலகு என்பது ஒரு மீட்டர். சேர்த்தவுடன் `Use Collision` என்பதை ஆன் செய்ய வேண்டும். மறந்தால் பிளேயர் தரையில் நிற்காமல் அப்படியே பாதாளத்துக்குப் போய்விடுவார். புதிதாகக் கற்பவர்கள் பாதிப் பேர் முதல் நாளில் திகைத்து நிற்கும் இடம் இது.

இன்னொரு விஷயம். பெட்டியின் மேல் ஒரு மீட்டர் கட்டங்கள் போட்ட டெக்ஸ்சர் ஒட்டுவார்கள், கண்ணாலேயே அளவு தெரிய வேண்டும் என்பதற்காக. ஆனால் பெட்டியை `Scale` கொண்டு இழுத்தால் கட்டமும் ரப்பர் மாதிரி நீண்டுவிடும். ஒரு மீட்டர் கட்டம் மூணு மீட்டராகிவிடும், அளவு பொய் சொல்ல ஆரம்பிக்கும். அதனால் `Size` எண்ணைத்தான் மாற்றணும். டெக்ஸ்சர் உள்ள மெட்டீரியலிலும் `Triplanar`, `World Triplanar` இரண்டையும் ஆன் செய்துவிட்டால், பெட்டி எத்தனை பெரிதானாலும் கட்டம் ஒரு மீட்டராகவே இருக்கும்.

நிஜ அளவு ஏன் பொய்யாகத் தெரிகிறது?

நூறடி ரோடு என்றால் சுமார் 30.5 மீட்டர். அந்த அகலத்துக்குச் சரியாக ஒரு பெட்டி போட்டு, பிளேயரை ஓட விட்டால் முதல் அதிர்ச்சி வரும். ரோடு சின்னதாக இருக்கும்!

காரணம் வேகம். கோடோவில் பிளேயரை நகர்த்தத் தரப்படும் தொடக்கநிலை ஸ்கிரிப்டில் இந்த இரண்டு வரிகள் இருக்கும்:

```
const SPEED = 5.0
const JUMP_VELOCITY = 4.5
```

அதாவது நொடிக்கு 5 மீட்டர். நிஜத்தில் ஒருவர் நடப்பது நொடிக்கு 1.4 மீட்டர் போலத்தான். நடந்து கடந்தால் 22 விநாடி ஆகிற ரோட்டை கேமில் 6 விநாடியில் கடந்துவிடுவார். (நிஜத்தில் நூறடி ரோட்டைக் கடக்கிறதே தனி கேம், அது வேறு விஷயம்.) டிராஃபிக்குக்கு நடுவே பதறி ஓடுகிற உணர்வு வேண்டுமென்றால் ரோட்டை 45 மீட்டராக அகலப்படுத்தலாம், அல்லது பிளேயரின் வேகத்தைக் குறைக்கலாம். எது சரி என்பதை மேப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஓடிப் பார்த்தால்தான் தெரியும்.

வீட்டுக்குள்ளே நிலைமை தலைகீழ். பழைய அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டு மூணு அடி அகலம், அதாவது 0.9 மீட்டர் இருக்கும் என்று வைத்து, அதே அளவில் பெட்டிகளை அடுக்குங்கள். பிளேயரின் முதுகுக்குப் பின்னால் மூன்று மீட்டரில் கேமரா தொங்குகிற கேம் என்றால், படி ஏறித் திரும்பியதும் கேமரா சுவருக்குள் புகுந்துவிடும். அதைத் தடுக்க `SpringArm3D` போட்டால், கேமரா முன்னால் நெருங்கி வந்து பிளேயரின் பின்மண்டையை மட்டும் காட்டும். அதனால்தான் கேம்களில் வரும் வீடுகளின் வாசல், படிக்கட்டு, கூரை எல்லாமே நிஜத்தைவிடப் பெரிதாக இருக்கின்றன. விளையாடும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை, சரியாக இருப்பதாகவே தோன்றும். நம் படிக்கட்டை 1.8 மீட்டராக்கி மறுபடி ஏறிப் பார்க்கணும். இன்னும் இடித்தால் 2 மீட்டர். கிரேபாக்ஸில் இதற்கு ஆகும் செலவு ஓர் எண்ணை மாற்றித் தட்டுவது, அவ்வளவுதான்.

ஒரு மொட்டைமாடியிலிருந்து அடுத்ததுக்கு எவ்வளவு தூரம்?

இப்போது தாவல். இது கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம், பள்ளிக்கூட இயற்பியல் போதும்.

மேலே சொன்ன ஸ்கிரிப்டில் குதிக்கும் வேகம் நொடிக்கு 4.5 மீட்டர். ஈர்ப்பு விசையால் வரும் முடுக்கம் 9.8. இதன்படி பிளேயர் மேலே போவது சுமார் 1.03 மீட்டர். காற்றில் இருக்கும் நேரம் 0.92 விநாடி. அந்த நேரத்தில் 5 மீட்டர் வேகத்தில் முன்னால் போனால் 4.6 மீட்டர் தாண்டலாம்.

அப்படியென்றால் இரண்டு மொட்டைமாடிக்கு நடுவில் 4.5 மீட்டர் இடைவெளி விடலாமா? கணக்கு 'ஆம்' என்கிறது. பத்துப் பேரை விளையாடச் சொன்னால் பெரும்பாலானோர் விழுவார்கள். ஏனென்றால் 4.6 மீட்டர் என்பது விளிம்பின் நுனியில் பட்டனை அழுத்தினால் மட்டுமே கிடைக்கும் தூரம். பத்தில் ஒரு விநாடி முன்கூட்டியே அழுத்தினால் அரை மீட்டர் போச்சு. பயத்தில் எல்லோரும் கொஞ்சம் முன்னாலேயே அழுத்துவார்கள், அது மனித இயல்பு.

இதை வைத்துத்தான் டிசைனர்கள் இடைவெளியைத் தரம் பிரிக்கிறார்கள். நம் பிளேயருக்கு 3 மீட்டர் என்றால் யோசிக்காமல் தாண்டுகிற தாவல், ஆரம்பத்தில் வைக்கலாம். 3.7 மீட்டர் என்றால் மனசு ஒரு நிமிஷம் தயங்கும், தாண்டியதும் சந்தோஷமாக இருக்கும். 4.3-ஐத் தாண்டினால் அது தண்டனை. 6 மீட்டர் என்றால் பார்த்தவுடனே முடியாது என்று தெரியும், அதனால் அதில் சிக்கல் இல்லை. உண்மையில் மோசமானது 4.8 மீட்டர் இடைவெளிதான். பார்த்தால் தாண்டலாம் போலவே இருக்கும், ஆனால் ஒருபோதும் முடியாது. பிளேயர் இருபது முறை விழுந்துவிட்டு, கேமை டெலிட் செய்துவிடுவார்.

உயரம் மாறினால் கணக்கும் மாறும். எதிர் மாடி நாம் நிற்பதைவிட 0.8 மீட்டர் உயரம் என்றால், 4.6 மீட்டர் 3.4 ஆகச் சுருங்கிவிடும். சென்னை மொட்டைமாடிகளில் கைப்பிடிச் சுவர் இருக்குமே, அதை மூணு அடி என்று வையுங்கள். தரையிலிருந்து குதித்தால் 1.03 மீட்டர், சுவர் 0.9 மீட்டர். ஏறலாம், ஆனால் மயிரிழையில். அந்தச் சுவர் மேல் ஏறி நின்று, எதிர்வீட்டுச் சுவர் மேல் தாவினால் மறுபடி 4.6 மீட்டர் கிடைக்கும். சுவர் ஏறாமலே தாவ வேண்டுமென்றால் அந்த இடத்தில் சுவரை உடைத்துவிட வேண்டும். அதாவது பெட்டியைக் கொஞ்சம் வெட்ட வேண்டும்.

எதிர் மாடி ஒரு தளம், அதாவது 3 மீட்டர், கீழே இருந்தால்? காற்றில் இருக்கும் நேரம் 1.37 விநாடியாக நீள்கிறது. தூரம் 6.8 மீட்டர் வரை போகும். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. கீழே குதித்தவர் மேலே திரும்பி வர முடியாது. முந்தைய மாடியில் சாவியை விட்டுவிட்டு வந்தவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். வேண்டுமென்றே வைத்தால் அது ஒருவழிப் பாதை, தெரியாமல் வைத்தால் பெரிய கோளாறு. எனவே கிரேபாக்ஸில் ஒவ்வொரு தாவலையும் போகும் திசையில் ஒரு முறை, திரும்பும் திசையில் ஒரு முறை சோதிப்பது வழக்கம்.

கணக்கையும் முழுசா நம்பக் கூடாது. பிளேயரைச் சுற்றி எஞ்சின் வைத்திருப்பது கேப்ஸ்யூல் மாத்திரை வடிவம். அதன் அடிப்பக்கம் உருண்டை. உடம்பின் மையம் விளிம்பைத் தாண்டிய பிறகும் அந்த உருண்டை கொஞ்ச நேரம் விளிம்பில் நிற்கும். அதனால் கணக்கு சொல்வதைவிடச் சற்று அதிகத் தூரம் கிடைக்கலாம். இதற்காகவே லெவலின் ஓரத்தில், பிளேயர் கண்ணில் படாத இடத்தில், 3 மீட்டர், 3.5 மீட்டர், 4 மீட்டர் என்று வரிசையாக இடைவெளி விட்ட பெட்டிகளை வைத்து முதலில் அங்கே குதித்துப் பார்ப்பார்கள். அங்கே கிடைத்த எண்களை வைத்துத்தான் தெருவையே கட்டுவார்கள். பாதி வேலை முடிந்த பிறகு யாராவது குதிக்கும் வேகத்தை 4.5-லிருந்து 5 ஆக்கிவிட்டால்? உயரம் 1.03-லிருந்து 1.28 மீட்டராகும், பூட்டி வைத்த மாடிக்கெல்லாம் குறுக்குவழி திறந்துவிடும். அத்தனை இடைவெளியும் மறுபடி சோதனைக்கு வர வேண்டியதுதான்.

தூண் எங்கே போச்சு?

மூன்றாவது விஷயம்தான் ரொம்ப நுட்பமானது. எங்கே நின்றால் என்ன தெரிகிறது என்பதே பார்வைக்கோடு.

நம் கேமில் போய்ச் சேர வேண்டிய இடம் அசோக் தூண். அம்புக்குறி போடாமலே பிளேயர் அதை நோக்கிப் போகணும் என்றால், அடிக்கடி அது கண்ணில் படணும். ஆனால் குறுக்கே மெட்ரோ பாலம் இருக்கிறது. கிரேபாக்ஸுக்காகப் பாலத்தின் அடிப்பாகம் தரையிலிருந்து 6 மீட்டர், பக்கச்சுவரின் மேல்விளிம்பு 9.5 மீட்டர் என்று வைப்போம். பிளேயருக்கும் பாலத்துக்கும் 10 மீட்டர் தூரம், தூணுக்கு 60 மீட்டர். கண் உயரம் 1.6 மீட்டர்.

தரையில் நின்றால் பிரச்னை இல்லை. பாலத்துக்கு அடியில் பார்வை தாராளமாகப் போகும், 60 மீட்டர் தள்ளி இருக்கும் பொருளில் 28 மீட்டர் உயரம் வரை தெரியும். மூன்று தள வீட்டின் மொட்டைமாடியில் நின்றால் கண் 10.6 மீட்டரில் இருக்கும். பாலத்துக்கு மேலே பார்வை போகும், தூணின் அடியில் 4 மீட்டர் மட்டும் மறையும்.

இரண்டு தள வீட்டின் மொட்டைமாடியில்? கண் 7.6 மீட்டரில் இருக்கும். பாலம் சரியாக முகத்துக்கு நேரே. கோடு போட்டுப் பார்த்தால், தூண் இருக்கும் இடத்தில் தரையிலிருந்து 19 மீட்டர் வரை அத்தனையும் பாலத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. கீழே தெரிந்தது, மேலே தெரிகிறது, நடுவில் காணோம்! இதை மேப்பை மேலிருந்து பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. பெட்டிகளை வைத்து, அந்த மாடியில் போய் நின்றால் ஒரே விநாடியில் தெரிந்துவிடும்.

சரி, எப்படிச் சரி செய்வது? தூணை உயர்த்தினால் அது அசோக் தூணாக இருக்காது. பாலத்தை நகர்த்தினால் அது அசோக் நகராக இருக்காது. மீதி இருப்பது மொட்டைமாடிதான். மாடிகளில் தண்ணீர்த் தொட்டியும் படிக்கட்டு அறையும் இருக்குமே, அங்கே பிளேயரை ஏற்றிவிடலாம். பிளேயர் 1.03 மீட்டர்தான் குதிப்பார் என்பதால் 0.9 மீட்டர் உயரப் பெட்டிகளைப் படி மாதிரி வைக்கணும். இரண்டு பெட்டி ஏறினால் கண் 9.4 மீட்டர், பாலச் சுவருக்கு 10 சென்டிமீட்டர் கீழே. தூணில் 10 மீட்டருக்கு மேலே இருப்பதுதான் தெரியும். மூன்றாவது பெட்டியில் ஏறியதும் கண் 10.3 மீட்டர். இப்போது தூணின் அடியில் ஐந்தரை மீட்டர் தவிர மற்றதெல்லாம் தெரியும். தொட்டி மேல் ஏறி நின்றதும் பாலத்துக்கு அந்தப் பக்கம் தூண் எழுந்து வரும். கோளாறாக இருந்தது, கேமின் நல்ல கட்டமாக மாறிவிட்டது.

முதுகுக்குப் பின்னால் கேமரா இருக்கிற கேமில் கண் என்பது பிளேயரின் கண் இல்லை, கேமராவின் கண். அதன் உயரத்தை வைத்து இதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

துப்பாக்கிச் சண்டை கேம்களில் இதன் தாக்கம் இன்னும் அதிகம். கவுன்டர்-ஸ்ட்ரைக் விளையாடியவர்களுக்கு டஸ்ட் 2 மேப்பைச் சொல்லத் தேவையில்லை. அங்கே ஆட்டம் தொடங்கும் இடத்தில் நின்றபடியே, நடுக்கதவு இடுக்கு வழியாக எதிரணி ஓடுவதைப் பார்த்துச் சுட முடிந்தது. பல வருஷம் இப்படியே ஓடிய பிறகு, 2021-ல் வால்வ் அந்தக் கதவுப் பகுதியை மாற்றி அந்தப் பார்வையை அடைத்தது. ஒரு சின்ன இடுக்குதான், ஆனால் ஒரு சுற்றின் முதல் சில விநாடிகளையே அது தீர்மானித்துக்கொண்டிருந்தது. அசோக் நகர் மாதிரி நேர்த்தெருக்கள் உள்ள இடத்தில் சண்டை கேம் பண்ணுகிறவர் இதைக் கண்டிப்பாக யோசிக்கணும். தெருமுனையில் ஒருவர் துப்பாக்கியோடு நின்றால் மறுமுனை வரை அவர் ராஜ்ஜியம். நடுவில் ஒரு தண்ணீர் லாரி அளவுக்குப் பெட்டி வைத்தால் கதை மாறும்.

யார் சோதிக்க வேண்டும்?

கட்டினவர் சோதித்தால் பயனில்லை. அவருக்கு எல்லா வழியும் மனப்பாடம். லெவலை ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவரை உட்கார வைத்து, பக்கத்தில் வாயைத் திறக்காமல் இருக்கணும். "அந்தப் பக்கம் போ" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் சோதனை கெட்டுப்போகும். எங்கே விழுகிறார், எங்கே நின்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார், எந்த இடைவெளியைப் பார்த்து மூன்று முறை ஓடி வந்து நின்றுவிடுகிறார் என்பதை மட்டும் எழுதி வைக்க வேண்டும். ஒரே இடத்தில் மூணு பேர் விழுந்தால் தப்பு அவர்கள்மேல் இல்லை, பெட்டிமேல்.

இந்தக் கட்டத்தில் அழகு பார்க்கக் கூடாது என்பதும் ஒரு விதி. ஆனாலும் ஒரு சுவருக்கு மட்டும் செங்கல் டெக்ஸ்சர் போட்டுப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். போட்டால் விளையாடுபவர் அந்தச் சுவரைப் பற்றித்தான் பேசுவார், தாவலைப் பற்றிப் பேச மாட்டார். வண்ணம் வேண்டுமானால் வேலைக்காக மட்டும் போடலாம். ஏறக்கூடியது மஞ்சள், விழுந்தால் அவுட் ஆகும் இடம் சிவப்பு, மற்றதெல்லாம் சாம்பல்.

பெட்டிகளால் சொல்ல முடியாத விஷயங்களும் உண்டு. சாயங்கால வெளிச்சம், தெருவின் நெரிசல், ஒரு மாடி பயமாக இருக்குமா என்பதெல்லாம் ஆர்ட் வந்த பிறகுதான் தெரியும். ஆர்ட் வந்ததும் புதுப் பிரச்னைகளும் வரும். சுவரில் வைத்த ஏசி அவுட்டோர் யூனிட் 30 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பிளேயர் அதில் இடித்து நடுவானில் நிற்பார். கேபிள் வயர் தூணின் உச்சியை மறைக்கும். இதைத் தவிர்க்க, பல டீம்கள் சாம்பல் பெட்டிகளைத் தூக்கிப் போடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டு, மோதலுக்கு மட்டும் அவற்றையே வைத்துக்கொள்கிறார்கள். பிளேயர் பார்ப்பது சன்ஷேடும் ஜன்னலும் உள்ள வீடு. கால் படுவது மட்டும் முதல் வாரத்தில் வைத்த அதே பெட்டியில்.